மாவு மில்லில் பற்றிய தீயும் இரண்டு நோட்டுகளும்

2017 மே 31. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்ப்ரியா என்ற சிற்றூர். அங்கிருந்த டிடியன் மில்லிங் நிறுவனத்தின் மக்காச்சோள மில்லில் இரவு ஷிப்டில் 19 பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு பதினொரு மணி வாக்கில் புகை தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று சிலர் தேடிப் போனார்கள். மக்காச்சோளத்தை நைஸாக அரைக்கும் ‘கேப் மில்’ என்ற இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயில் மாட்டியிருந்த வடிகட்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. குழாயிலிருந்து மூன்று, நான்கு அடி நீளத்துக்குத் தீ சீறியது. பின்னர் வெடிப்புகள் கட்டடம் கட்டடமாகத் தாவின. ஐந்து பேர் இறந்தார்கள். மீதிப் பதினான்கு பேரும் காயமடைந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் இடிபாடுகளைக் கிளறியதோடு நிற்கவில்லை, நோட்டுகளையும் புரட்டினார்கள். மில்லைச் சுத்தம் செய்ததாக ஷிப்ட்தோறும் கையெழுத்திடும் பதிவேடு ஒன்று. தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் பை வடிகட்டியின் அழுத்த அளவைக் குறிக்கும் பதிவேடு இன்னொன்று. 2023-இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டது. இரண்டு பதிவேடுகளிலும் பொய் எழுதப்பட்டது என்பதே அது. பத்து லட்சம் டாலர் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கோடியே இரண்டரை லட்சம் டாலர் இழப்பீடு என்று முடிந்தது வழக்கு. சுத்தம் செய்த பதிவேட்டில் பொய்யாகக் கையெழுத்திட்டவர்களில் ஷிப்ட் பொறுப்பாளர்களும் இருந்தார்கள்.

இந்த இரண்டு நோட்டுகளுக்கும் தீக்கும் என்ன தொடர்பு? மாவு எப்படி எரிகிறது என்று தெரிந்தால்தான் அது விளங்கும்.

மூட்டையில் கிடந்தால் மாவு, பறந்தால் எரிபொருள்

ஒரு மூட்டை மைதாவின் மேல் எரியும் தீக்குச்சியைப் போட்டால் மேலாகக் கருகி அணைந்துவிடும். தீ பரவக் காற்று வேண்டும். மூட்டைக்குள் இருக்கும் மாவுக்கு அது கிடைப்பதில்லை. அதே மாவு காற்றில் பறக்கும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கிறது. ஒரு துகள் எரிந்து பக்கத்துத் துகளைப் பற்றவைக்க, அது அடுத்ததைப் பற்றவைக்க, கண் இமைப்பதற்குள் மேகம் முழுவதும் எரிந்துவிடுகிறது. விறகுக் கட்டை பற்ற நேரமாகும், அதைச் சீவிய சிராய் உடனே பற்றிக்கொள்ளும் அல்லவா? மாவு அந்தச் சிராயைவிடப் பல மடங்கு பொடியானது.

இப்படித் திறந்த இடத்தில் மாவு மேகம் குப்பென்று எரிந்து ஓய்வதைத் தொழிற்சாலைக்காரர்கள் ‘ஃபிளாஷ் ஃபயர்’ என்கிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த மேகத்துக்குள் நின்றவரின் முகம், கைகள், உடை எல்லாம் அதற்குள் வெந்துவிடும். அதே மேகம் மூடிய பெட்டிக்குள்ளோ குழாய்க்குள்ளோ அறைக்குள்ளோ எரிந்தால், சூடான வாயு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அப்போது அது வெடிப்பு. தீப்பிடிக்கும் பொருள் இரண்டிலும் ஒன்றே. மேகம் அடைபட்டிருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அதனால், ‘சின்னத் தீதானே, அணைத்தாயிற்று’ என்று ஒரு ஃபிளாஷ் ஃபயரைத் தள்ளிவிட முடியாது. வெடிப்புக்குத் தேவையான எல்லாம் அந்த இடத்தில் கூடியிருந்தன, சுவர் மட்டும் இல்லை என்பதே அதன் பொருள்.

பற்றுவதற்கு எவ்வளவு மாவு பறக்க வேண்டும்? பெரும்பாலான தானிய மாவுகளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 50 முதல் 100 கிராம். மாவின் நைஸையும் ஈரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். இது எவ்வளவு அடர்த்தி என்று மனதில் கொள்ள ஒரு வழி உண்டு. கன மீட்டருக்கு 40 கிராம் தூசி பறந்தாலே, இரண்டு மீட்டர் தள்ளி எரியும் 25 வாட் பல்பு கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட காற்றில் யாரும் நின்று வேலை செய்ய முடியாது. ஆகவே ஆட்கள் நடமாடும் தளத்தில் சாதாரணமாக இந்த அளவு தூசி பறப்பதில்லை. அரவை இயந்திரம், எலிவேட்டர், வடிகட்டி ஆகியவற்றின் உள்ளேதான் அது இருக்கும். முதல் தீ பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் தளம் முழுவதும் எரிவது எப்படி? பீமின் மேல், கேபிள் தட்டின் மேல், குழாய்களின் முதுகில் படிந்து கிடக்கும் மாவுதான் காரணம். முதல் வெடிப்பின் அதிர்ச்சி அதை உதறிக் காற்றில் எறிகிறது. பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றவைக்கிறது. இந்த இரண்டாவது தீதான் பெரும்பாலும் ஆட்களைக் கொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு தளம். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மாவு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிந்த மாவு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 500 கிலோ எடை இருக்கும். ஆக ஒரு சதுர மீட்டரில் அரைக் கிலோ, தளம் முழுவதும் 50 கிலோ. தளத்தின் கொள்ளளவு 500 கன மீட்டர். அந்த 50 கிலோவும் கிளம்பினால் கன மீட்டருக்கு 100 கிராம். பற்றுவதற்குப் போதுமான அளவு வந்துவிட்டது. அதில் பாதி கிளம்பினாலும் ஆபத்து நீங்காது, ஏனென்றால் மாவு தளம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, திட்டுத் திட்டாகவே நிற்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது நடந்துபோகிறவர் கண்ணில் அழுக்காகக்கூடப் படாத கனம். அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரநிலைகள் அதற்கும் கொஞ்சம் குறைவான 0.8 மில்லிமீட்டரையே எச்சரிக்கை அளவாக நெடுங்காலம் பயன்படுத்தி வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஒரு நோட்டு எரிபொருளை அளக்கிறது, மற்றது கசிவை

இப்போது அந்த இரண்டு நோட்டுகளையும் புதிதாகப் பார்க்கலாம். சுத்தம் செய்யும் பதிவேடு, கட்டடத்தில் எவ்வளவு எரிபொருள் குவிந்து கிடக்கிறது என்று சொல்கிறது. வடிகட்டிப் பதிவேடு, அந்த எரிபொருள் இயந்திரங்களிலிருந்து எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று சொல்கிறது.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது? ஒரு பெரிய மின்விசிறி இயந்திரங்களின் வாய்களிலிருந்து தூசிக் காற்றைக் குழாய் வழியாக இழுத்து, ஒரு பெட்டிக்குள் தொங்கும் துணிப் பைகளின் வழியே செலுத்துகிறது. மாவு பையின் வெளிப்புறத்தில் நின்றுவிட, சுத்தமான காற்று வெளியேறுகிறது. பையில் ஒட்டிய மாவை அவ்வப்போது அழுத்தக் காற்றின் உதறல் கீழே தள்ளுகிறது. பையின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை வெளியே பொருத்திய ஒரு வட்ட முள்மானி காட்டும். நீரின் உயரத்தை வைத்து அதை அளப்பதால் ‘100 மில்லிமீட்டர்’ என்பதுபோல எழுதுவார்கள்.

இந்த முள் ஏறிக்கொண்டே போனால் பைகள் அடைத்துக்கொள்கின்றன என்று பொருள். பை அடைத்தால் விசிறி இழுக்கும் காற்று குறையும். சல்லடையின் வாயில் உறிஞ்சல் தளரும். உள்ளே இருக்க வேண்டிய மாவு இணைப்புகள் வழியே வெளியே புகைந்து பீமின் மேல் படியும். குழாய்களுக்குள்ளும் காற்றின் வேகம் போதாமல் மாவு தங்கிவிடும். முள் திடீரென்று இறங்கினாலோ பை கிழிந்திருக்கலாம், அல்லது விசிறியின் பெல்ட் நழுவியிருக்கலாம். மானிக்குப் போகும் சின்னக் குழாயே அடைத்திருக்கவும் கூடும். எனவே ஒரு நாளின் எண்ணைத் தனியாகப் பார்த்தால் அதிகம் தெரியாது. எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் செய்தி.

பொய்யான பதிவேடு அந்த நகர்வைத்தான் அழிக்கிறது. உண்மையான முள் ஷிப்டுக்கு ஷிப்ட் கொஞ்சமாவது ஆடும். மூன்று ஷிப்டிலும் மாதம் முழுவதும் ‘100, 100, 100’ என்று ஒரே எண், ஒரே மை, ஒரே சாய்வு எழுத்து என்றால், யாரோ ஷிப்ட் முடிவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிரப்பியிருக்கிறார்கள். சுத்தப் பதிவேட்டிலும் இப்படித்தான். ஆள் குறைவாக வந்த நாளிலும், மில் ஓடாத நாளிலும், எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால் அந்த டிக்கை நம்ப முடியாது.

டிடியன் வழக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே சுத்தப் பதிவேடு உணவுப் பாதுகாப்புத் தணிக்கைக்காக வைக்கப்பட்டது. வடிகட்டிப் பதிவேடு காற்று மாசு அனுமதிக்காக வைக்கப்பட்டது. யாரோ வெளியிலிருந்து வந்து பார்ப்பதற்கான தாள் என்று ஒரு பதிவேடு ஆகிவிட்டால், அதை நிரப்புவதே வேலை என்று ஆகிவிடும். தங்கள் தலைக்கு மேலிருக்கும் பீமைப் பற்றிய அளவு அது என்பது, அதை எழுதுகிறவர் மனதிலிருந்து மறைந்துபோகும்.

ஷிப்ட் இன்சார்ஜ் என்ன எழுத வேண்டும்?

சின்ன ஃபிளாஷ் ஃபயர் ஒன்று நடந்து, யாரும் சாகாமல் முடிந்தால், அதைப் பற்றிய அறிக்கை பெரும்பாலும் ஷிப்ட் இன்சார்ஜின் நான்கு வரியோடு நின்றுவிடும். அந்த நான்கு வரி எப்படி இருக்கலாம், எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கோதுமை மாவு மில். அதிகாலை 2.40. மூன்றாம் மாடியில் சல்லடைப் பகுதி. உதவியாளர் ஒருவர் கம்ப்ரஸர் காற்றுக் குழாயால் பீமின் மேலிருந்த மாவை ஊதித் தள்ளுகிறார். மாவு மேகமாக இறங்குகிறது. கீழே பேரிங் தேய்ந்த ஒரு மோட்டார், அதன் முதுகில் படிந்த மாவு ஏற்கெனவே கருகிக் கனன்றுகொண்டிருக்கிறது. குப்பென்று பற்றி, இரண்டு நொடியில் ஓய்கிறது. உதவியாளரின் முன்கைகளிலும் கழுத்திலும் தீக்காயம்.

முதல் வகை அறிக்கை: ‘மோட்டார் சூடேறி லேசாகத் தீப்பிடித்தது. அணைக்கப்பட்டது. ஒருவருக்குச் சிறு காயம். மோட்டார் மாற்றப்பட்டது. 3.30-க்கு உற்பத்தி தொடங்கியது.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் மோட்டாரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் வகை அறிக்கை எழுதும் இன்சார்ஜ், கண்ணால் கண்டதை வரிசையாக எழுதிவிட்டு, இரண்டு நோட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்த மாடிக்கான வடிகட்டியின் எண் திங்கள் 100, செவ்வாய் 110, புதன் 125, வியாழன் 150, வெள்ளி 170 என்று ஏறியிருக்கிறது. பைகளை உதறும் அழுத்தக் காற்றின் வால்வு ஒன்று வேலை செய்யவில்லை என்பது போய்ப் பார்த்தால் தெரிகிறது. சுத்தப் பதிவேட்டில் ‘பீம் மேல்புறம்’ என்ற கட்டத்தில் புதன்கிழமை, ‘செய்யவில்லை, ஆள் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. வாக்குவம் கிளீனர் பழுதுக்குப் போயிருப்பதால் வெள்ளி இரவு கம்ப்ரஸர் காற்றால் ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது கதை முழுதாக வெளிப்படுகிறது. வால்வு பழுதானதால் பை அடைத்தது. பை அடைத்ததால் உறிஞ்சல் குறைந்து மாவு வழக்கத்தைவிட வேகமாகப் படிந்தது. அதே வாரத்தில் சுத்தமும் தள்ளிப்போனது. படிந்ததை அகற்றத் தேர்ந்தெடுத்த வழியே அதை மேகமாக்கியது. மோட்டார் கடைசிக் கண்ணி மட்டும். அன்று அந்த மோட்டார் நன்றாக இருந்திருந்தாலும், இன்னொரு இரவு ஒரு வெல்டிங் பொறியோ வேறொரு பேரிங்கோ அந்த இடத்தை நிரப்பியிருக்கும். வால்வைச் சரிசெய்யாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்த தீக்கு நாள் குறித்தாயிற்று.

இப்படிச் சூழ்நிலையையும் சேர்த்து எழுதும் வழக்கம் புதிதல்ல. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கில் வெடிப்பு நடந்தது. அதை விசாரித்து எழுதிய மொரோஸோ பிரபு, மாவை அள்ளிக்கொண்டிருந்த பையன் விளக்கொன்றின் வெளிச்சத்தில் வேலை செய்தான் என்பதோடு நிறுத்தவில்லை. மாவு திடீரெனச் சரிந்து மேகமாக எழுந்ததையும், பல மாதங்களாக மழையில்லாததால் அந்த மாவு வழக்கத்துக்கு மாறாக உலர்ந்திருந்ததையும் குறித்துவைத்தார். 240 ஆண்டுகள் கழித்தும் அந்த அறிக்கையைப் பாதுகாப்புத் துறையினர் எடுத்துப் பேசக் காரணம், விளக்கை மட்டும் குற்றம் சொல்லாமல் அவர் மாவின் நிலையையும் எழுதியதுதான்.

தீ ஓய்ந்த பிறகு வரும் ஆபத்து

அறிக்கை எழுதுவதற்கு முன் இன்சார்ஜ் செய்ய வேண்டியவற்றில் பலர் தவறவிடுவது, தீ எங்கே போயிருக்கும் என்று யோசிப்பது. கனன்றுகொண்டிருக்கும் ஒரு மாவுக் கட்டி உறிஞ்சு குழாய்க்குள் போனால் நேராக வடிகட்டிப் பெட்டியைச் சென்றடையும். அங்கே தூசியும் காற்றும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. மாடியில் தீ அணைந்து வெகுநேரம் கழித்து வடிகட்டி வெடிக்கலாம். ஆகவே 3.30-க்கு உற்பத்தி தொடங்கியது என்ற வரிதான் முதல் வகை அறிக்கையிலேயே மிகவும் பயப்பட வேண்டிய வரி. குழாயும் வடிகட்டியும் குளிர்ந்துவிட்டன, உள்ளே கனல் இல்லை என்று உறுதியாகும் வரை மில் ஓடக்கூடாது.

கருகல் வாடை அடித்தும் தீ தெரியாதபோது நிலைமை இன்னும் மோசம். இயந்திரத்துக்குள் மாவு காற்றுப் போதாமல் கனன்றுகொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் காற்று உள்ளே புகும், மாவும் கலையும், மேகம் பற்றிக்கொள்ளும். கேம்ப்ரியாவில் புகையைக் கண்டவர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறுவதற்குப் பதிலாக அது வரும் இடத்தைத் தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. புகை வந்தால் முதலில் ஆட்களை வெளியேற்று, திறக்காதே, தீயணைப்புத் துறையை அழை என்று அவர்களுக்கு முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். அணைக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மாவு கிளம்பும். வேகமாகப் பாயும் தீயணைப்பானும் அதையே செய்யும். மெல்லிய தூறலாக நீரைத் தெளித்து நனைப்பதே முறை.

தீ நடந்த இடத்தை உடனே பெருக்கித் துடைத்துவிடுவதும் இன்னொரு தவறு. பீமின் மேல் மிச்சமிருக்கும் மாவின் கனம், கருகிய மோட்டார், அடைத்த பை, அந்த நேரத்து மானியின் எண் ஆகியவைதான் சாட்சிகள். படமெடுத்து, கனத்தை அளந்து, இரண்டு நோட்டுகளின் அந்த வாரப் பக்கங்களையும் சேர்த்து வைத்த பிறகே துடைக்க வேண்டும். அதற்கு முன்போ பின்போ நோட்டில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பக்கூடாது. வெற்றாக இருக்கும் கட்டமும் ஒரு தகவல்தான்.

‘செய்யவில்லை’ என்று எழுத முடிகிறதா?

மேலே சொன்ன கற்பனைச் சம்பவத்தில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது, புதன்கிழமை யாரோ எழுதிய ‘செய்யவில்லை, ஆள் இல்லை’ என்ற மூன்று நான்கு சொற்கள். பெரும்பாலான ஆலைகளில் அந்தச் சொற்களை எழுதத் துணிச்சல் வேண்டும். எழுதினால் மேலாளர் கூப்பிட்டு, ‘தணிக்கைக்கு வருகிறவன் பார்த்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பார். அடுத்த முறை டிக் விழும். ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர் பொய் எழுதுகிறார் என்றால், உண்மை எழுதியதற்காக அதற்கு முன்பு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டாரா என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். உற்பத்தியை நிறுத்தவும் முடியாது, ஆளும் தரமாட்டார்கள், கட்டம் மட்டும் நிரம்பியிருக்க வேண்டும் என்றால், அந்தப் பொய்யில் முதலாளிக்கும் பங்குண்டு. விஸ்கான்சின் வழக்கில் ஷிப்ட் பொறுப்பாளர்களோடு நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நின்றது அதனால்தான்.

மில் நடத்துகிறவர்கள் இதற்குப் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சுத்தப் பதிவேட்டில் டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘எவ்வளவு கனம் இருந்தது, யார், எதைக்கொண்டு சுத்தம் செய்தார், செய்யவில்லையென்றால் ஏன்’ என்று எழுதும் கட்டம் வைக்கலாம். வடிகட்டியின் எண்ணைத் தாளில் எழுதுவதோடு ஒரு வரைபடத்தில் புள்ளியாகவும் வைக்கச் சொல்லலாம். ஏறுமுகம் பார்த்தவுடன் தெரியும். இந்த எண்ணைத் தாண்டினால் பராமரிப்பு ஆளைக் கூப்பிட வேண்டும், இதைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று இரண்டு கோடுகளை அந்த வரைபடத்திலேயே போட்டுவிட்டால், நிறுத்தும் முடிவை இன்சார்ஜ் நள்ளிரவில் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வாரம் ஒரு முறை முதலாளியோ மேலாளரோ அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, ‘சுத்தம்’ என்று எழுதியிருக்கும் பீமின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். நோட்டும் விரலும் ஒன்றையே சொன்னால் மில் நன்றாக நடக்கிறது. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால், எழுதியவரைத் திட்டுவதற்கு முன் அன்று அந்த ஷிப்டில் எத்தனை ஆள் இருந்தார்கள், வாக்குவம் கிளீனர் ஓடியதா என்று கேட்க வேண்டும். அடுத்த தீயைத் தடுக்கும் தகவல் அந்தப் பதிலில்தான் இருக்கும்.